லெதரோ ரெக்சினோ, கொழும்பு வெக்கையில சப்பாத்து மக்கர் பண்ணினா எங்க பாக்கிறது

எங்கட பிளட்ஸ்ல சப்பாத்து வைக்கிற ராக்கை கொரிடோரிலதான் வச்சிருக்கிறம், வெள்ளவத்தையில கடல் பக்கம் எண்டபடியா காத்து வருது எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா அந்தக் காத்தே ஈரக் காத்துத்தான், துவாயைக் காயப்போட்டா அடுத்த நாளும் பிசுபிசு எண்டு கிடக்கும். இந்த லட்சணத்தில ஒபிஸ் சப்பாத்து எப்பிடிக் காயும்? எனக்கு வேலை கோட்டைப் பக்கம், கிழமையில அஞ்சு நாள் மூடின சப்பாத்து. வீட்டு ஆக்கள், பக்கத்து வீட்டு ஆக்கள், ஒபிஸ் பொடியள் எண்டு ஆளாளுக்கு "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோவன்" எண்டு கொண்டுவந்து குடுத்து குடுத்து இப்ப எனக்கு வரிசையாக் கேக்கத் தெரியும், என்ன வருத்தம் எண்டு. அதைத்தான் இஞ்ச எழுதுறன், உங்கட வருத்தம் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேர போங்கோ.

ஆனா போக முதல் ஒரு விசயம் பாத்திட்டுப் போங்கோ, இல்லாட்டி பிழையான மருந்து போடுவியள்.

உங்கட சப்பாத்து உண்மையில என்ன

கடைக்காரர் "ப்யூர் லெதர் தம்பி" எண்டு சொன்னது கணக்கில்லை. மணந்து பாக்கிறதும் கணக்கில்லை, ரெக்சினுக்கும் லெதர் மணம் அடிச்சு விடுறாங்கள். நெருப்பு வச்சுப் பாக்கிற வேலை வேண்டவே வேண்டாம், நல்ல சப்பாத்தும் போய் விரலும் சுடும்.

நாக்கைத் தூக்கி அதின்ர வெட்டு ஓரத்தைப் பாருங்கோ, இல்லாட்டி உள்ளுக்கு எங்கயாவது மடிச்சுத் தைக்காம விட்ட ஓரம் இருக்கும், போன்ல டோர்ச் அடிச்சுப் பாத்தா தெரியும். லெதர் எண்டா அந்த வெட்டு பஞ்சு மாதிரி, நார் நாரா, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். ரெக்சின் எண்டா மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் தோல், கீழ பின்னின துணி, ரெண்டும் தனித்தனியாத் தெரியும். மூண்டாவது ஒரு சாதி இருக்கு, அதுதான் கூடுதலா ஆக்களை ஏமாத்துறது: கீழ உண்மையான நார், ஆனா மேல தடிப்பா பிளாஸ்டிக் பூச்சு. அது லெதர்தான், ஆனா வேர்வை விசயத்தில ரெக்சினுக்குக் கிட்ட.

வெளியில இருந்து வாற சப்பாத்துகளில அடியிலயோ உள்ளுக்கோ சின்னப் படம் மூண்டு போட்ட ஸ்டிக்கர் இருந்தா அது வடிவாச் சொல்லும். 1994ல ஐரோப்பாக்காரர் கொண்டுவந்த முறை அது. மாட்டுத்தோலை விரிச்ச மாதிரிப் படம் எண்டா லெதர், தோல் படத்துக்குள்ள ஒரு டயமண்ட் வடிவம் எண்டா பூச்சுப் பூசின லெதர், வெறும் டயமண்ட் எண்டா ரெக்சின் ரப்பர் வகை, வலை மாதிரிக் கோடு எண்டா துணி. மேல் பக்கம், உள் லைனிங், அடி எண்டு மூண்டுக்கும் தனித்தனியாப் போட்டிருக்கும். இதில நடுவில சொன்ன லைனிங்கைத்தான் நான் முதல் பாப்பன், ஏனெண்டா கால் படுறது அதிலதானே. மேல லெதர், உள்ளுக்குப் பிளாஸ்டிக் லைனிங் எண்டா நீங்கள் லெதருக்குக் குடுத்த காசில பாதி சும்மா.

## காலமை போடேக்கயே உள்ளுக்கு ஈரமா, குளிரா இருக்கு

இதைத்தான் முதலாவதாப் போடுறன், மணம், பூஞ்சணம், அடி கழண்டு போறது எல்லாத்துக்கும் தாய் வருத்தம் இதுதான்.

லெதர் "மூச்சு விடும்" எண்டு எல்லாரும் சொல்லுறது அரைவாசிதான் சரி. அது ஜன்னல் மாதிரி இல்லை, கூடுதலா ஸ்பொஞ்ச் மாதிரி. பகல் முழுக்கக் கால் விடுற வேர்வையைத் தன்ர நாருக்குள்ள இழுத்து வச்சிருக்கும், அதாலதான் கால் வழுக்காம, ஈரம் தெரியாம இருக்குது. பிறகு அந்த ஈரத்தை அது வெளியில விட வேணும். யாழ்ப்பாணத்தில மே மாசத்து வெயில்ல எண்டா ராவோட ராவா விட்டிரும். கொழும்பில ராவிலதான் காத்தில ஈரம் இன்னும் கூட, ஆர் வாங்குறது அதை?

சும்மா வாய்ப்பேச்சா இருக்கக்கூடாது எண்டு போன வருசம் வீட்டில மா நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசில என்ர வலது சப்பாத்தை நிறுத்துப் பாத்தன், மனிசி பேசினதைத் தனியாச் சொல்லத் தேவையில்லை. லெதர் சப்பாத்து காலமை 452 கிராம். பஸ்ல போய், ஒபிஸ்ல ஏசிக்குள்ள இருந்து, பின்னேரம் பஸ்ல இடிபட்டு வந்து கழட்டி நிறுத்தா 468. ராக்கில வழமை மாதிரி வச்சிட்டு அடுத்த நாள் காலமை பாத்தா 461. அதாவது ஏறின 16 கிராமில 9 இன்னும் உள்ளுக்கு. அதோட அண்டைக்கும் போட்டா அதுக்கு மேல இன்னும் ஏறும், புதன் வியாழன் வரேக்க சப்பாத்து கனக்கிற மாதிரி இருக்கிறது மனப்பிரமை இல்லை. ஒரு நாள் விட்டு, ரெண்டாவது ராவும் கழிய நிறுத்தா 453.

ரெக்சின் சோடி வேற கதை. காலமை 391, பின்னேரம் 401. குறையத்தானே ஏறியிருக்கு எண்டு சந்தோசப்படாதேங்கோ, மிச்ச வேர்வை சொக்ஸ்ல பிழியிற மாதிரி இருந்தது. அடுத்த நாள் காலமை 399. ரெண்டு கிராம்தான் இறங்கியிருக்கு! மேல் பக்கம் ஒண்டையும் வெளியில விடாது, வாய் வழியா மட்டும்தான் போக வேணும், தண்ணி நிக்கிறது உள்ளடிக்குக் கீழ இருக்கிற ஸ்பொஞ்சில.

சரி, என்ன செய்யுறது. செலவில்லாததில இருந்து சொல்லுறன்.

முதல்ல கழட்டின உடன ராக்குக்குள்ள தள்ளாதேங்கோ, லேஸை நல்லாத் தளர்த்தி நாக்கை முன்னுக்கு இழுத்து வாயைப் பெரிசாக்கி, உள்ளடி கழட்டக்கூடியது எண்டா அதைக் கழட்டி வெளியில வையுங்கோ. ஸ்டாண்ட் ஃபேனுக்கு முன்னால, வாய் ஃபேனைப் பாக்கிற மாதிரி, ரெண்டு மூண்டு மணித்தியாலம். நான் ரெக்சின் சோடியை உள்ளடி கழட்டி இப்பிடி வச்ச ராவுக்குப் பிறகு காலமை 392 காட்டினது, கிட்டத்தட்ட முழுசாக் காஞ்சிட்டுது. ஆகவே ரெக்சின் வச்சிருக்கிற ஆக்கள் கவலைப்படாதேங்கோ, உள்ளடியைக் கழட்டுறதுதான் உங்கட முழு வைத்தியமும். உள்ளடி ஒட்டியிருந்தா, ஓரத்தில மெதுவா இழுத்துப் பாருங்கோ, கனக்க சப்பாத்தில ஒரு பொட்டுக் கம்தான் போட்டிருப்பாங்கள்.

லெதருக்கு ஃபேனோட பழைய பேப்பர். கசக்கி முன் நுனி வரைக்கும் தள்ளி, ஒரு மணித்தியாலத்தில அதை எடுத்திட்டு வேற பேப்பர். அந்த எடுக்கிற வேலையைத்தான் எல்லாரும் விடுறது, ஈரமான பேப்பரை ராமுழுக்க உள்ளுக்கு விட்டா அது ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்குமே தவிர காயவிடாது. பேப்பரும் ஃபேனும் சேத்து எனக்கு அடுத்த காலமை 455 வந்தது. படுக்கிற அறையில ராவில ஏசி போடுற ஆக்கள் எண்டா சப்பாத்தையும் உள்ளுக்கு எடுத்து வையுங்கோ, ஏசி காத்தில இருக்கிற தண்ணியையும் எடுக்கிறபடியா ஃபேனை விட நல்லாக் காயும், அதுக்கு வீட்டில அனுமதி எடுக்கிறது உங்கட கெட்டித்தனம்.

அடுத்தது ரெண்டு சோடி வச்சு மாறி மாறிப் போடுறது. ரெண்டு சோடி லெதர் வாங்கக் காசில்லை எண்டா ஒண்டு லெதர் ஒண்டு ரெக்சினா இருந்தாலும் பரவாயில்லை, லெதருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைச்சாலே போதும்.

செய்யக்கூடாதது: வெயில்ல வைக்கிறது, ஹெயார் ட்ரையர், பிரிட்ஜுக்குப் பின்னால சூட்டில வைக்கிறது. நனைஞ்ச லெதர் சூடு பட்டா சுருங்கி மரக்கட்டை மாதிரி ஆகும், அதுக்குப் பிறகு எந்தக் கிரீமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ரெக்சின் எண்டா கம் இளகி அடி வாயைத் திறக்கும்.

## கழட்டின உடன மணக்குது

பகிடி பண்ணுவினம், ஆனா ரெண்டு காலிலயும் சேத்துக் கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் வேர்வைச் சுரப்பி இருக்கு எண்டு சொல்லுவினம், மணக்காம என்ன செய்யும். வேர்வைக்கு மணம் இல்லை, அதில குடியிருக்கிற பக்டீரியா செய்யிற வேலை. மணம் எங்க இருந்து வருது எண்டு கண்டுபிடிச்சாத்தான் வேலை நடக்கும், அதால கழட்டி வச்சு, சொக்ஸ், உள்ளடி, வெறும் சப்பாத்து எண்டு மூண்டையும் தனித்தனியா மணந்து பாருங்கோ. ஓம், சிரிக்காம மணக்க வேணும்.

சொக்ஸ்தான் எண்டா, அது லேசான வருத்தம். தனிக் கொட்டன் சொக்ஸ் வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாவே கிடக்கும், மெல்லிய நைலோன் ஒண்டையும் குடிக்காம அப்பிடியே சப்பாத்துக்கு விட்டிரும், ரெண்டும் கலந்ததுதான் எனக்குச் சரிவருது. அதை விட நல்ல வழி, பாக்கில ஒரு சோடி கொண்டுபோய் மத்தியானம் சாப்பிட்டிட்டு மாத்துறது. பேயன் வேலை மாதிரித் தெரியும், ஆனா ரெக்சின் போடுற ஆக்களுக்கு இதைப்போல ஒண்டும் இல்லை.

உள்ளடி எண்டா, கழட்டி சவர்க்காரம் போட்டு ரெண்டு பக்கமும் பிரஷால தேய்ச்சு நல்லாக் காய விடுங்கோ. ரெண்டு தரம் கழுவியும் ரெண்டு நாளில திரும்ப மணந்தா அது முடிஞ்சுது, புறக்கோட்டையில உள்ளடி தனியா விக்கிறாங்கள், புதுச் சப்பாத்தோட பாக்கேக்க அது ஒரு காசே இல்லை.

உள்ளடி இல்லாமலும் சப்பாத்து மணந்தா, லைனிங்குக்குள்ள போயிட்டுது. பாமசியில சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, துணியில நனைச்சு உள் பக்கத்தை மட்டும் துடைச்சு, பிறகு ஃபேன். மேல் பக்கம் பட வேண்டாம், பொலிஷும் சாயமும் கழண்டு வரும். அப்பச்சோடா ரெக்சினுக்குள்ள தூவி ராவு வச்சுத் தட்டலாம், லெதருக்குள்ள அடிக்கடி போடாதேங்கோ, காஞ்சு போகும். சப்பாத்தைப் பொலித்தீனில கட்டி பிரீசருக்குள்ள வைக்கிற ஒரு வைத்தியம் நடக்குது, அதில பக்டீரியா சாகாது, குளிரில நித்திரை கொண்டிட்டு வெளியில வந்த உடன எழும்பும், இதுக்காக மீனுக்குப் பக்கத்தில சப்பாத்தா?

மூண்டையும் செய்தும் மணம் போகேல்லை எண்டா காலைப் பாருங்கோ. குளிச்சுப் பத்து நிமிசத்தில உள்ளங்காலைப் பாத்தா தோல் வெள்ளையா ஊறி, குதியிலயும் விரலுக்குக் கீழ இருக்கிற மேட்டிலயும் ஊசியால குத்தின மாதிரிச் சின்னச் சின்னப் பள்ளம் இருக்குதா? அது பக்டீரியாத் தொற்று, சப்பாத்துப் பிரச்சினையே இல்லை. பவுடர் போட்டு மாதக்கணக்கா இழுக்காம டொக்டரிட்டக் காட்டினா பூசுற மருந்திலயே கூடுதலாச் சுகமாகும்.

## வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு

இதில மூண்டு சாதி, மூண்டும் பாக்க ஒரே மாதிரி, வைத்தியம் வேற வேற. எல்லாத்தையும் பூஞ்சணம் எண்டு நினைச்சு ஆக்கள் ஸ்பிரிட்டை ஊத்துறதுதான் நடக்கிறது.

நனைச்ச துணியால ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ. உடன கரைஞ்சு மறைஞ்சு, காஞ்ச பிறகு அதே இடத்தில கோடு கோடாத் திரும்ப வந்தா அது உப்பு. வேர்வையில இருக்கிற உப்பு லெதர் வழியா வெளியில வந்து காஞ்சு நிக்குது, கூடுதலா விரல் மடியிற இடத்தில, ஓரத் தையலடியில. அரைவாசி தண்ணி அரைவாசி வெள்ளை வினாகிரி கலந்து துணியால துடைச்சு, பிறகு வெறும் தண்ணித் துணியால துடைச்சு, நிழல்ல காயவிட்டு, கிரீம் மெல்லிசாப் பூசுங்கோ. உப்பை விட்டா லெதர் மடியிற இடத்தில வெடிக்கும். ரெக்சினில இந்த உப்புக் கோடு மேல வராது, உள்ளுக்கேதான் நிக்கும்.

துடைக்கேக்க பஞ்சு மாதிரி வந்து, கிட்டப் போனா பழைய அலுமாரி மணம் அடிச்சா பூஞ்சணம். பல்கனிக்கோ வெளியிலயோ கொண்டுபோய்த் துடைச்சு அந்தத் துணியை எறியுங்கோ, வீட்டுக்குள்ள தட்டினா மற்றச் சோடிகளுக்கும் பரவும். பிறகு ஸ்பிரிட்டும் தண்ணியும் சமனாக் கலந்து ஒரு மூலையில சாயம் கழருதா எண்டு பாத்திட்டு மேலயும் உள்ளயும் துடைச்சு ஃபேனில காயவையுங்கோ. இதுக்குக் காரணம் அநேகமா மூடின பெட்டி இல்லாட்டி மூடின அலுமாரி. தேங்காயெண்ணெயும் காரணம், எங்கட வீட்டிலயே அம்மா "லெதருக்கு நல்லது" எண்டு பூசி வச்ச என்ர பழுப்புச் சோடி ரெண்டு மாசத்தில கறுத்துப் போய் பச்சையா முளைச்சிருந்தது, அம்மாவுக்கு என்ன சொல்லுறது, பேசாம துடைச்சன்.

மூண்டாவது, மெழுகு தடவின மாதிரி மெல்லிசா வெள்ளை, மணமும் இல்லை, தண்ணியில கரையவும் இல்லை. ஹெயார் ட்ரையரை எட்டப் பிடிச்சு அஞ்சு செக்கன் காட்டுங்கோ, மறைஞ்சு உள்ளுக்குப் போனா அது லெதருக்குள்ள போட்டிருக்கிற கொழுப்பு வெளியில வந்தது. ஒண்டும் பயமில்லை, துணியால தேய்ச்சு விட்டாச் சரி. ட்ரையரைக் காயவைக்கப் பாவிக்காதேங்கோ எண்டு மேல சொன்னதுதான், இது அஞ்சு செக்கன் சோதனை மட்டும்.

## மேல் தோல் உரியுது, செதில் செதிலா விழுகுது

என்ர மச்சான், தங்கச்சியின்ர மனுசன், தன்ர கலியாணத்துக்கு எண்டு கறுப்புச் சப்பாத்து ஒண்டு வாங்கினவர், நல்ல மினுமினுப்பு. அதுக்குப் பிறகு ரெண்டு விசேசத்துக்குப் போட்டிட்டு, பழுதாகக்கூடாது எண்டு பொலித்தீனில சுத்தி பெட்டியில போட்டு அலுமாரிக்கு மேல வச்சிட்டார். நாலு வருசம். ஒரு சொந்தக்காரற்ற கலியாணத்துக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு ஹோலுக்கு வந்தவர், தாலி கட்டி முடிஞ்சு சாப்பாட்டுக்கு எழும்பேக்க அவர் நடந்து வந்த வழியில சிவப்புக் கம்பளத்தில கறுப்புக் கறுப்பாப் பொட்டு. எறும்பு எண்டு நினைச்சு ஒரு அம்மா காலைத் தூக்கினா. குனிஞ்சு பாத்தா மச்சானின்ர சப்பாத்தில மடியிற இடம் முழுக்க உரிஞ்சு வெள்ளைத் துணி தெரியுது. "போட்டதே மூண்டு தரம்தான் மச்சான், எப்பிடி இது?" எண்டு என்னைக் கேட்டார்.

போடாததாலதான். ரெக்சினில ரெண்டு வகை இருக்கு, பீயூ எண்டிறது மெதுவா, லெதர் மாதிரி மடியும், விலையும் கொஞ்சம் கூட, இப்ப வாற ஒபிஸ் சப்பாத்துக் கனக்க அதுதான். அதின்ர பூச்சை ஈரமும் சூடும் சேந்து உள்ளுக்குள்ளயே உடைச்சுக்கொண்டு வரும், நீங்கள் போட்டாலும் போடாட்டியும். பொலித்தீனில சுத்தி வச்சா உள்ளுக்கு இருக்கிற ஈரமும் வெளியில போக வழியில்லை. மற்றது பீவீசீ, அது இப்பிடி உரியாது, ஆனா அதை மெதுவா வச்சிருக்கிற எண்ணெய்ச் சாமான் மெல்ல மெல்ல வெளியில வந்து மேல பிசுபிசுக்கும், பிறகு தடிச்சு மடியிற இடத்தில ஒரே நேர்கோடா வெடிக்கும்.

சோதனை லேசு. மடியிற இடத்தில செலோடேப் ஒரு துண்டை நல்லா அழுத்தி ஒட்டி, டக்கெண்டு இழுங்கோ. டேப்பில கறுப்புத் துகள் வந்தா அது தொடங்கிட்டுது, கண்ணுக்கு இன்னும் நல்லா இருந்தாலும். விசேசத்துக்கு வெளிக்கிட ஒரு கிழமைக்கு முதல் இதைச் செய்யுங்கோ, ஹோலில நிண்டு செய்ய ஏலாது.

உரிஞ்சதுக்குக் கீழ துணி தெரிஞ்சா திருத்த வழியில்லை. தைக்கிறவரிட்டக் கொண்டுபோனா அவர் மனச்சாட்சிக்காரர் எண்டா வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். பூச்சு முழுக்க ஒரே வயசு, இண்டைக்கு இந்த இடத்தை ஒட்டினா நாளைக்குப் பக்கத்து இடம். அண்டைக்கு ஒரு நாள் சமாளிக்க எண்டா தூக்கி நிக்கிற செதிலைக் கத்தரிக்கோலால வெட்டி, கறுப்பு மார்க்கர் தேய்ச்சு, மேல மெல்லிசா பொலிஷ். மச்சானுக்கு நான் ஹோலின்ர பின்பக்கத்தில மணமகன்ர தம்பியிட்ட மார்க்கர் வாங்கி அதைத்தான் செய்தனான், போட்டோவில தெரியேல்லை.

கீழ துணி இல்லை, மயிர்ப் பஞ்சு மாதிரி நார் தெரிஞ்சா அது பூச்சுப் பூசின லெதர். இதைக் காப்பாத்தலாம். சப்பாத்து திருத்துற கடையில சொன்னா உரிஞ்சதை உரசி எடுத்து, வெடிப்பை நிரப்பிச் சாயம் பூசித் தருவினம், செலவு புதுச் சப்பாத்தின்ர பாதிக்கு மேல சொன்னா விட்டிடுங்கோ.

உரியேல்லை, வெடிப்பு மட்டும்தான், நல்ல லெதர் எண்டா உப்பும் லெதர் காஞ்சு போனதும்தான் காரணம். மேல சொன்ன வினாகிரித் துடைப்பு, கிரீம். வெடிப்பு நகம் போற ஆழம் எண்டா இனி மூடாது, கூடாமப் பாக்கிறதுதான். தண்ணி மாதிரி ஸ்பொஞ்சில வாற உடனடி மினுக்கு பொலிஷை நல்ல லெதருக்குப் போடுறதையும் நிப்பாட்டுங்கோ, அது மேல ஒரு படலம் கட்டி, நீங்கள் காசு குடுத்து வாங்கின லெதரை நீங்களே ரெக்சின் ஆக்கிற வேலை.

ஆயுள் எவ்வளவு எண்டு கேட்டா என்ர வீட்டுக் கணக்கு: பீயூ சோடி கிழமைக்கு மூண்டு நாள் போட்டு ரெண்டு வருசம் வந்தாப் போதும், வாங்கின மாசத்தைப் பெட்டியில எழுதி வைக்கிறன், வச்சுப் பாதுகாக்க நினைக்கிறதில்லை. நல்ல லெதர் சோடி ஒண்டு ஏழாவது வருசமா ஓடுது, இடையில ஒருக்கா அடி மாத்தினது. ஆகவே வருசத்துக்கு ரெண்டு தரம் விசேசத்துக்கு மட்டும் போடுற ஆளுக்கு ரெக்சின் மலிவு எண்டிறது பிழைக்கணக்கு, அவருக்குத்தான் லெதர் வேணும். மழையில கண்டபடி நனைஞ்சு நாள்தோறும் அடிபடுற ஆளுக்கு ரெக்சின் சரி, எப்பிடியும் அது பழசாக முதல் தேஞ்சிரும்.

## அடி வாயைத் திறக்குது, இல்லாட்டி தூளாப் போகுது

மே மாசம் கச்சான் மழை தொடங்கின உடன காலி வீதியில தண்ணி நிக்கும், அந்தக் கிழமையிலதான் இந்தக் கேஸ் கூட வரும். முதல்ல அடியில ஒரு மூலையை நகத்தால அழுத்துங்கோ.

நகம் இறங்காம உறுதியா இருந்து, ஓரம் மட்டும் விட்டிருந்தா கம் விட்டது, திருத்தலாம். சுப்பர் குளூ போடாதேங்கோ, அது காஞ்சா கண்ணாடி மாதிரி, நடக்கேக்க மடியிற இடத்தில பொறிஞ்சு போகும், அதுக்கு மேல நல்ல கம்மும் பிடிக்காது. சப்பாத்து தைக்கிறவரிட்டக் குடுக்க முதல் ரெண்டு நாள் நல்லாக் காய வையுங்கோ, ஈரத்தோட குடுத்தா எந்தக் கம்மும் நிக்காது, அதுக்கு அவரைக் குறை சொல்லுறதில நியாயமில்லை. அவர் ரெண்டு பக்கமும் அரத்தால உரசி, ரெண்டு பக்கமும் கம் பூசி, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பிறகு அழுத்தித் தட்டினா வேலை தெரிஞ்ச ஆள். பூசின கையோட ஒட்டினா அடுத்த மழைக்குத் திரும்ப வருவியள். சுத்தித் தைக்கச் சொல்லுறதும் நல்லது, ஆனா அடி மெல்லிசு எண்டா அந்த ஊசி ஓட்டையால தண்ணி உள்ளுக்கு வரும், அதைக் கேட்டுச் செய்யுங்கோ.

நகம் இறங்குது, பிசுபிசுக்குது, இல்லாட்டி கேக் மாதிரி உதிருது எண்டா அடியே பீயூ, மச்சான்ர மேல் தோலுக்கு நடந்ததுதான் அடிக்கு நடந்திருக்கு. ஒட்ட இடமே இல்லை, கம் தூளிலதான் பிடிக்கும். மேல் பக்கம் ரெக்சின் எண்டா எறியுங்கோ. மேல் பக்கம் நல்ல லெதர் எண்டா முழு அடியையும் ரப்பருக்கு மாத்தித் தரச் சொல்லி விலை கேளுங்கோ, என்ர ஏழு வருசச் சோடி தப்பினது அப்பிடித்தான்.

## கால் கடிக்குது, சொறியுது

எந்த இடம் எண்டு பாருங்கோ, அதிலயே பாதி விடை இருக்கு.

விரல் இடுக்கில, அதுவும் சின்ன விரலுக்கும் அதுக்குப் பக்கத்து விரலுக்கும் நடுவில தோல் ஊறி வெடிச்சுக் கடிச்சா பங்கஸ், நாங்கள் சேத்துப்புண் எண்டு சொல்லுறது. பாமசியில கிரீம் இருக்கு, சுகமான மாதிரி வந்த உடன நிப்பாட்டாம அதில சொன்ன நாள் முழுக்கப் பூசுங்கோ. அதோட சப்பாத்தின்ர உள்பக்கத்தையும் ஸ்பிரிட்டால துடைக்காட்டி திரும்ப அதிலயே இருந்து வரும்.

விரல் இடுக்கு சுத்தமா இருக்கு, ஆனா பாதத்தின்ர மேல்பக்கம், சப்பாத்து படுற வடிவத்திலயே, அநேகமா ரெண்டு காலிலயும் ஒரே மாதிரிச் சிவந்து கடிச்சா அது அலேஜியா இருக்கலாம். இதில லெதர் நல்லது, ரெக்சின் கூடாது எண்டு சொல்ல ஏலாது. லெதரைப் பதனிடப் போடுற குரோமியம் சில ஆக்களுக்கு ஒத்துவராது, வேர்வை அதைக் கரைச்சுக்கொண்டு வரும். வேற சில ஆக்களுக்குக் கம்மும் ரப்பரில போடுற சாமானும். ரெண்டு கிழமை அந்தச் சோடியை விட்டு செருப்போட திரியுங்கோ, குறைஞ்சு, திரும்பப் போட்ட உடன வந்தா உங்களுக்கு விசயம் விளங்கீட்டுது. ஆனா எந்தச் சாமான் எண்டு தெரியாம அடுத்த சோடி வாங்கினா அதிலயும் அதே கம் இருக்கும், அதால தோல் டொக்டரிட்டப் போய் பட்ச் டெஸ்ட் எடுக்கிறதுதான் காசு மிச்சம், தேசிய வைத்தியசாலையிலயும் தோல் கிளினிக் இருக்கு.

சீனி வருத்தக்காரர் எண்டா இந்தத் தலைப்பில சொன்ன வீட்டு வைத்தியம் ஒண்டும் உங்களுக்கு இல்லை. காலில சின்ன வெடிப்போ கொப்புளமோ கண்டா அண்டைக்கே காட்டுங்கோ, போகேக்க அந்தச் சப்பாத்தையும் ஒரு பாக்கில போட்டுக் கொண்டுபோங்கோ, எங்க உரசினது எண்டு டொக்டர் கையை உள்ளுக்கு விட்டுப் பாப்பார்.